“நினைவில்லை” என்பதும் “சொல்லவில்லை” என்பதும்

பொய்ச்சாட்சி சொல்லாதே என்னும் எட்டாம் கட்டளையைக் கேட்கும்போது நம்மில் அநேகருக்கு நீதிமன்றமும் அயலவர் சண்டையும்தான் மனக்கண்ணில் தோன்றும். ஆனால் அந்தக் கட்டளை அதிகமாக மீறப்படும் இடம் நீதிமன்றமன்று. கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் வீடு. அங்கே எழுதி வைப்பவர் கிடையாது, விசாரிப்பவரும் கிடையாது. “நீங்கள் இப்படிச் சொன்னீர்களே” என்று ஒருவர் கேட்கிறார். “நான் அப்படிச் சொல்லவேயில்லை” என்று மற்றவர் மறுக்கிறார். ஒரு நாள் நடந்தால் சிரித்து விட்டுவிடலாம். வாரந்தோறும் நடந்தால், கேட்டவர் இரவில் தூக்கமின்றிக் கிடந்து, தம் புத்திதான் பிசகிவிட்டதோ என்று அஞ்சத் தொடங்குகிறார்.

இப்படி மறுப்பவர் கணவனாகவும் இருக்கலாம், மனைவியாகவும் இருக்கலாம். யாராயினும் நாம் விடை காணவேண்டிய கேள்வி ஒன்றே. இது மறதியா, அல்லது நடந்ததைத் தமக்கேற்ப மாற்றிச் சொல்லும் பழக்கமா? மறதிக்கு நாம் கொடுக்கவேண்டியது பொறுமை. பழக்கத்துக்குத் தேவைப்படுவது திருத்தம். மறதியைப் பொய்யென்று குற்றஞ்சாட்டினால் அது பிறரைப் பற்றிய அவசரத் தீர்ப்பு என்னும் பாவமாகும். பழக்கத்தை மறதியென்று விட்டுவிட்டால், ஒருவர் தினமும் சிறிது சிறிதாகப் பொய்யில் அமிழ்வதையும், மற்றவர் தம் மனத்தின்மீதே நம்பிக்கை இழப்பதையும் கைகட்டிப் பார்த்திருப்பவர்களாவோம்.

நமது தோட்டப் பகுதியில் எங்கும் நிகழக்கூடிய ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். மனைவி கொழுந்து பறிப்பவள். கணவன் தொழிற்சாலையில் வேலை செய்பவன். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்கிறது. மகளுக்குச் சப்பாத்தும் கொப்பிகளும் வாங்கவேண்டும். கையில் பணமில்லை. மனைவி தன் தோட்டைக் கழற்றிக் கொடுக்கிறாள். கணவன் அதை அட்டன் டவுனில் அடகு வைத்துப் பணம் கொண்டுவருகிறான். “பாஸ்காவுக்குள்ள மீட்டுத் தந்திருவேன்” என்று அன்றிரவு சொல்கிறான். பாஸ்காத் திருநாள் வந்து போகிறது, தோடு வரவில்லை. மனைவி கேட்கிறாள். அவன் சொல்கிறான்: “நான் எப்ப அப்புடி சொன்னேன்? நான் வேணாம் வேணாம்னு சொல்லியும் நீதானே புடிவாதமா கழட்டிக் குடுத்த!”

வாசகரே, இந்தப் பதிலில் இரண்டு பாகங்கள் இருப்பதைக் கவனியுங்கள். முதற்பாகம் ஒரு வாக்கை மறுக்கிறது. இரண்டாம் பாகம் அந்த வாக்கு இருந்த இடத்தில் வேறொரு நிகழ்ச்சியைக் கொண்டுவந்து வைக்கிறது. சாதாரண மறதி பெரும்பாலும் ஒரு வெற்றிடத்தைத்தான் விட்டுச் செல்லும். இங்கே வெற்றிடமில்லை. பழைய படத்தைக் கழற்றிய அதே ஆணியில் புதிய படம் மாட்டப்பட்டிருக்கிறது. புதிய படத்தில் குற்றவாளி மனைவி.

இதனால் மட்டும் அவன் பொய்யன் என்று முடிவு கட்டலாமா? கூடாது. முதலில் மனைவி தன் நினைவையும் சோதிக்கவேண்டும். “எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது” என்பது நாம் நினைப்பது போல அவ்வளவு பலமான சாட்சியன்று.

1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் தேதி அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் வானில் வெடித்துச் சிதறியது. மறுநாட் காலையில் உல்ரிக் நைசர் என்னும் உளவியல் பேராசிரியர், அந்தச் செய்தியை எங்கே, யாரிடமிருந்து, என்ன செய்துகொண்டிருக்கும்போது கேட்டீர்கள் என்று தம் பல்கலைக்கழக மாணவரை எழுதித் தரச் செய்தார். ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் அவர்களுள் 44 பேரிடம் அதே கேள்விகளை மீண்டும் கேட்டார். 11 பேர் சொன்னது முற்றிலும் பிழை. இன்னும் பலர் பாதிக்கு மேல் தவறினார்கள். ஆயினும் அவர்களில் அநேகர் தாங்கள் சொல்வது சரியென்று உறுதியாக நம்பினார்கள். அவரவர் கையால் எழுதிய பழைய தாளைக் காட்டியபோதும் மறைந்துபோன பழைய நினைவு திரும்பவில்லை. அந்த மாணவர்களுக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. மனிதரின் நினைவு பெட்டியில் பூட்டி வைத்த பொருளன்று. எடுக்கும்போதெல்லாம் மறுபடி கட்டப்படுவது. கட்டும்போது தவறு நேரலாம்.

பொய்யைப் பற்றித் தனி நூலே எழுதிய புனித அகுஸ்தீனார் இந்த வேறுபாட்டை வெகு காலத்துக்கு முன்பே தெளிவாக்கினார். உண்மையென்று நம்பித் தவறானதைச் சொல்பவன் தவறுகிறான், பொய் சொல்லவில்லை. மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு, ஏமாற்றும் எண்ணத்தோடு நாவால் வேறொன்றைச் சொல்பவனே பொய்யன். ஆகவே தோட்டின் விஷயத்தில் இருவரும் நேர்மையாகவே வெவ்வேறு விதமாக நினைவுகூரக் கூடும். வெளிச் சாட்சிகளும் இதில் அதிகம் உதவமாட்டா. அடகுச் சீட்டில் தேதியும் தொகையும் பெயரும் இருக்கும்; லயத்துக் காம்பிராவில் இரவு சொன்ன வாக்கு இராது. பக்கத்தில் படுத்திருந்த மாமியார் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் மகனுக்கு எதிராகப் பேசுவாரா?

ஒரே ஒரு சம்பவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது இதிலிருந்து விளங்குகிறது. பல சம்பவங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது மூன்று அடையாளங்கள் தெரியவரும்.

முதல் அடையாளம், பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது. மறதிக்குக் கண் கிடையாது. மறதிக்காரர் தாம் கொடுத்த வாக்கையும் மறப்பார், பிறர் தமக்குத் தரவேண்டிய கடனையும் மறப்பார். தமக்கு நட்டமான இடத்திலும் மறப்பார். மாற்றிச் சொல்லும் பழக்கத்துக்கோ கண் உண்டு. மீட்டுத் தருவதாகச் சொன்ன வாக்கு மறந்துபோகும்; ஆறு வருடத்துக்கு முன் மைத்துனர் திருப்பித் தராத ஐந்நூறு ரூபாய் மறக்காது. கடைக் கணக்கிலும் செக்ரோலில் தமக்கு விழவேண்டிய பேரிலும் ஒரு நாள்கூடத் தவறாத நினைவு, மனைவியிடம் சொன்ன வார்த்தையில் மட்டும் எப்போதும் தவறுமானால், அதுவும் எப்போதும் தமக்கு வசதியாகவே தவறுமானால், அதை மறதி என்பது கடினம்.

இரண்டாம் அடையாளம், அவர் பேசும் வாக்கியத்தில் இருக்கிறது. “எனக்கு நினைவில்லை” என்பவர் தம் மனத்தைப் பற்றி மட்டும் பேசுகிறார். நினைவு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை என்கிறார். உங்கள் நினைவை அவர் தொடவில்லை. “நான் சொல்லவேயில்லை” என்பவர் நடந்ததைப் பற்றித் தீர்ப்பளிக்கிறார். “நீதான் கற்பனை பண்ணுகிறாய், உனக்குத்தான் புத்தி பிசகிவிட்டது” என்பவர் இன்னும் ஒரு படி மேலே போய் உங்கள் மனத்தைப் பற்றியே தீர்ப்பளிக்கிறார். நேர்மையாக மறந்தவரும் கோபத்தில் ஒருமுறை “சொல்லவில்லை” என்று சாதிக்கலாம். ஆனால் கோபம் ஆறியபின் “சொல்லியிருப்பேனோ என்னவோ” என்று இறங்கி வருவார். இறங்கி வரவே மாட்டாதவரிடத்தில்தான் கவனம் வேண்டும்.

மூன்றாம் அடையாளம், ஆதாரம் கிடைத்தவுடன் அவர் என்ன செய்கிறார் என்பது. வேதாகமம் இதை இரண்டு மனிதர்களைக் கொண்டு நமக்குக் காட்டுகிறது.

தொடக்க நூல் 18ஆம் அதிகாரத்தில், முதிர்ந்த வயதில் பிள்ளை பெறுவாய் என்று கேட்ட சாரா தனக்குள் சிரிக்கிறாள். ஏன் சிரித்தாள் என்று ஆண்டவர் வினவியதும், தான் சிரிக்கவில்லை என்று மறுக்கிறாள். அச்சத்தினால் மறுத்தாள் என்று வேதாகமமே காரணத்தையும் சொல்கிறது. இல்லை, சிரித்தாய் என்கிறார் ஆண்டவர். அவ்வளவுதான், அதற்குமேல் அவள் வாதாடவில்லை, ஆண்டவரும் தண்டிக்கவில்லை. இது மறதியன்று, ஆனால் பழக்கமுமன்று. அச்சத்தில் நாக்கு தவறிய ஒரு கணம். இப்படி மறுப்பவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. முக்கியமாக, சிறு தவறுக்கும் பெரிய ஏச்சு விழும் வீட்டில், உண்மையை ஒப்புக்கொள்ளவே பயப்படுவார்கள். அங்கே திருத்தவேண்டியது மறுப்பவரை மட்டுமன்று, ஏசுபவரையுந்தான்.

சாமுவேல் முதல் நூல் 15ஆம் அதிகாரத்தில் வரும் சவுல் அரசன் வேறு விதமானவன். அமலேக்கியரின் ஆடுமாடுகளில் எதையும் வைத்துக்கொள்ளக்கூடாது என்பது கட்டளை. அவன் நல்லவற்றைத் தப்பவிட்டுக் கொண்டுவந்தான். இறைவாக்கினர் சாமுவேல் வந்ததும், ஆண்டவரின் கட்டளையை நிறைவேற்றிவிட்டேன் என்று தானே முந்திக்கொண்டு சொல்கிறான். அப்படியானால் காதில் விழும் இந்த ஆடுகளின் சத்தம் என்ன என்று சாமுவேல் கேட்கிறார். மக்கள்தான் கொண்டுவந்தார்கள், அதுவும் பலியிடுவதற்காக என்கிறான். சாமுவேல் விடவில்லை, அவன் மறுபடியும் தான் கீழ்ப்படிந்ததாகவே சாதிக்கிறான். கடைசியில் பாவம் செய்தேன் என்று ஒப்புக்கொள்ளும்போதும் மக்களுக்கு அஞ்சிச் செய்ததாகச் சொல்கிறான். மூப்பர்களுக்கு முன்னால் தன் மானத்தைக் காப்பாற்றும்படியும் கேட்கிறான்.

சவுல் ஆதாரத்தைக் கண்டு நிற்கவில்லை. ஆதாரத்துக்கு ஆதாரம் கதையை நகர்த்துகிறான். நம் வீட்டிலும் இதே படிகள்தாம். முதலில், “சொல்லவில்லை.” கூட இருந்தவர் கேட்டதாகச் சொன்னால், “விளையாட்டுக்குச் சொன்னேன்.” விளையாட்டன்று என்று தெரிந்தால், “நீ தப்பாக விளங்கிக்கொண்டாய்.” அதுவும் நிற்காவிட்டால், “இந்தச் சின்ன விஷயத்தை இன்னும் தூக்கிப் பிடிக்கிறாயே, நீ என்ன பெண்!” இந்த நான்கு பதில்களும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன. சொல்லவேயில்லை என்றால் விளையாட்டுக்குச் சொல்லியிருக்கவும் முடியாது. மறந்தவரிடம் ஒரு கதைதான் இருக்கும். கதை நகர்ந்துகொண்டே போனால் அது மறதியன்று.

இந்த மூன்று அடையாளங்களைப் பார்க்கும் முன் நம் தோட்டங்களில் ஒரு விஷயத்தைத் தனியாகப் பிரித்து வைக்கவேண்டும். அது குடி. அளவுக்கு மீறி, முக்கியமாக வேகமாகக் குடிப்பவரின் மூளை, அந்த நேரத்தில் நடப்பதைப் பதிந்து வைக்கும் ஆற்றலைச் சில மணி நேரம் இழந்துவிடும். அப்போதும் அவர் நடப்பார், பேசுவார், சண்டை போடுவார், சத்தியமும் செய்வார். காலையில் ஒன்றும் இராது. மறைந்துபோனது என்பதைவிட, ஆரம்பத்திலேயே பதியவில்லை என்பதே சரி. ஆகவே எவ்வளவு நினைவூட்டினாலும் வராது. அவர் “சொல்லவில்லை” என்பது பொய்யாயிராது. ஆனால் குடித்தால் நினைவு தவறும் என்று ஒருமுறை அறிந்தபின் அவருக்கு இரண்டு கடமைகள் உண்டு. குடியை விடுவது ஒன்று. விடும்வரையில், அந்த இரவுகளைப் பற்றி மனைவி சொல்வதைத் தம் வெற்று நினைவைக் கொண்டு மறுக்காதிருப்பது மற்றொன்று. மனைவியும் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. குடித்திருக்கும் நேரத்தில் பெற்ற வாக்கு வாக்காகாது.

அதுபோல, வயதானவர் ஒருவர் இதுவரை இல்லாத விதமாகச் சில மாதங்களில் அதிகம் மறக்கத் தொடங்கினால், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால், பழகிய வழியில் தடுமாறினால், அது ஒழுக்கப் பிரச்சினையன்று. அவரை வைத்தியரிடம் காட்டவேண்டும். தொழிற்சாலை இயந்திரங்களின் இரைச்சலில் ஆண்டுக்கணக்காக நின்றவருக்குச் செவி மந்தமாயிருக்கலாம். கேளாமலே “ம்” என்று தலையாட்டியிருக்கலாம். இவை எல்லாம் இல்லையென்று கண்டபின்பே பழக்கம் என்ற சொல்லை வாயிலெடுக்கலாம்.

இனி என்ன செய்வது? தோட்டு விஷயத்துக்கே திரும்புவோம். நடந்துபோனதைப் பற்றி இரவு முழுவதும் வாதாடுவதில் பயனில்லை. இனி நடப்பதற்கு ஒரு சாட்சியை ஏற்படுத்துவதே வழி. பத்தாம் தேதிச் சம்பளத்தன்று இருவரும் உட்கார்ந்து ஒரு கொப்பியில் நான்கு வரி எழுதட்டும்: தேதி, எவ்வளவு பணம், எதற்கு, யார் என்ன செய்வதாக ஒப்புக்கொண்டார். “உங்களை நம்பவில்லை” என்று சொல்லி இதைத் தொடங்கினால் நேர்மையான கணவனும் புண்படுவான். “நம்ம ரெண்டு பேருக்கும் மறதி கூடிப்போச்சுங்க, எழுதி வச்சுக்குவமா?” என்று கேட்பதே முறை, நாம் மேலே கண்டபடி அது உண்மையுமாகும். எழுத்து தெரியாத வீட்டில் பெரிய பிள்ளை எழுதலாம்.

அந்தக் கொப்பி இரண்டு வேலை செய்யும். மறதிக்காரருக்கு அது ஊன்றுகோல். இரண்டு மூன்று மாதத்தில் சண்டை குறையும். சில வேளை தவறு தன்னுடையதே என்று மனைவியும் காண்பாள். பழக்கக்காரருக்கோ அது முள். எழுத மறுப்பார், எழுதியதைக் கிழிப்பார், அல்லது எழுதியதையும் மறுப்பார். அப்போது உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

விடை அப்படியாகுமானால், தனியாக இருந்து போராடாதீர்கள். பாற்றிக் ஹமில்டன் என்னும் ஆங்கிலேயர் 1938இல் எழுதிய நாடகமொன்று 1944இல் திரைப்படமாகவும் வந்தது. அதில் ஒரு கணவன் இரவில் வீட்டின் மேல்தளத்தில் இரகசியமாக விளக்கேற்றி எதையோ தேடுகிறான். அதனால் கீழே மனைவியின் அறையிலுள்ள வாயு விளக்கு மங்குகிறது. மங்கவில்லை, எல்லாம் உன் பிரமை என்று அவளை நம்பவைத்து, அவளைப் பைத்தியமென்று ஆக்கப் பார்க்கிறான். இன்று ‘கேஸ்லைட்டிங்’ என்று உலகெங்கும் வழங்கும் சொல் இந்தக் கதையிலிருந்தே பிறந்தது. அவளை மீட்டது வாதத் திறமையன்று. வெளியிலிருந்து வந்த ஒருவர் அதே விளக்கு மங்குவதைத் தாமும் கண்டார் என்பதே அவளை மீட்டது. இரண்டாவது கண் ஒன்று போதும். அது மூத்த சகோதரியாகவோ, ஞானத்தாயாகவோ, பங்குத் தந்தையாகவோ, கன்னியர் ஒருவராகவோ இருக்கலாம். ஊருக்கெல்லாம் சொல்வது அவதூறு. உதவக்கூடிய ஒருவரிடம் சொல்வது கடமை.

மறுப்போடு மிரட்டலோ அடியோ சேர்ந்திருந்தால் கொப்பியை அவர் முன் நீட்டாதீர்கள். அதைப் பத்திரமான வேறிடத்தில் வையுங்கள். இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டுமன்றி, தொடர்ந்து செய்யப்படும் கடுமையான மனத்துன்புறுத்தலையும் வன்முறையாகக் கொள்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான 1938 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம்.

இறுதியாக ஒரு கேள்வி. “கிறிஸ்தவப் பெண் மன்னிக்கவேண்டாமா? அவர் சொல்லவில்லை என்றால் சரியென்று விட்டுவிடுவதுதானே தாழ்ச்சி?” என்று கேட்கும் நல்ல மனிதர்கள் உண்டு. மன்னிக்கத்தான் வேண்டும், ஏழெழுபது முறையும். ஆனால் மன்னிப்பு என்பது நடந்த ஒன்றுக்கு. தோட்டை மீட்டுத் தருவேன் என்று சொல்லி மீட்கவில்லை என்றால் அதை மன்னிக்கலாம். அப்படியொரு வாக்கே இருந்ததில்லை என்றால் அங்கே மன்னிக்க என்ன இருக்கிறது? நடந்ததை அழிப்பவர் தம் கடனை மட்டும் அழிக்கவில்லை. மனைவி தரக்கூடிய மன்னிப்பையும் சேர்த்து அழிக்கிறார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நாம் முழந்தாளிட்டு முதலில் செய்வது என்ன? நான் செய்தேன் என்று சொல்வது. அந்தச் சொல் இல்லாமல் அங்கே பாவமன்னிப்பு இல்லை.

ஆகவே மனைவி அவருக்காக மன்றாடலாம், கோபத்தை விடலாம், தோட்டைப் பற்றி இனிப் பேசாமலும் இருக்கலாம். நடந்தது நடக்கவில்லை என்று அவர் சொல்வதற்கு மட்டும் ஆமென் சொல்லவேண்டியதில்லை. “உங்களுக்கு நினைவில்லன்னா பரவாயில்லங்க, எனக்கு நினைவிருக்கு” என்று அமைதியாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளட்டும். உண்மையாகவே மறந்தவருக்கு அந்த வார்த்தையில் பாரமில்லை. மாற்றிச் சொல்பவருக்கோ, திரும்பி வரும் வழி அதில் திறந்தே இருக்கிறது.